சின்ன கிளினிக்கில் சர்க்கரைப் பரிசோதனை நாள்: கேள்வி பதில்

கிளினிக் ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை இலவச சுகர் கேம்ப் போடலாம்னு இருக்கேன். எப்படித் தொடங்கலாம் டாக்டர்?

40 பேருக்கு மேல் வேண்டாம். காலை 7 மணிக்கு, வெறும் வயிற்றில் வரச் சொல்லுங்கள். வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வையுங்கள். ஒரு முகாமில் பழக்கடைக்காரர் ஒருவருக்கு 268 காட்டியது. மனிதர் வெலவெலத்துப் போனார். விடிகாலையில் மாம்பழம் அடுக்கிவிட்டு நேரே வந்தவர். விரல் நுனியில் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்திருந்தோம், அது போதவில்லை. கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தால் 104.

குளுக்கோமீட்டர் சந்தேகப்பட மட்டும்தான். 126 அல்லது அதற்கு மேல் வந்தால், நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்க்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனையும் அதையே சொன்ன பிறகுதான் சர்க்கரை நோய் என்று எழுதலாம்.

அப்புறம், ஒரு நோட்டு போடுங்கள்: பெயர், போன், அளவு, திரும்ப வரவேண்டிய தேதி. என் முதல் முகாமில் 11 பேருக்கு அதிகமாக இருந்தது. திரும்பி வந்தவர்கள் 4 பேர். மற்றவர்களின் நம்பர் என்னிடம் இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

எனக்கு சாப்பிட்ட பிறகு 180 வருது. மாத்திரையைக் கூட்டணுமா?

இங்கே சொல்ல முடியாது. வெறும் வயிற்று அளவையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

லேப்ல ஸ்ட்ரிப் எல்லாம் இலவசமாத் தர்றாங்க, அனுப்புற டெஸ்ட்டுக்கு பங்கும் உண்டு. எல்லாரும் வாங்குறதுதானே?

வாங்காதீர்கள். நோயாளியை அனுப்பியதற்குப் பங்கு வாங்குவதை 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. பங்கு வந்துவிட்டால், தேவையில்லாத தைராய்டு டெஸ்ட்டும் சீட்டில் ஏறிவிடும்.

பங்கு வேண்டாம், சரி. ஸ்ட்ரிப்பை மட்டும் வாங்கி ஏழைகளுக்குப் பார்த்தா என்ன தப்பு? உங்களால கைக்காசு போட முடியும், எங்களால முடியுமா?

செலவைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். என் நண்பர் அப்படித்தான் செய்கிறார். எந்த லேபுக்கும் போகலாம் என்று சீட்டில் எழுதியும் தருகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 40 பேர் என்றால் நானே வாங்கிவிடுவேன். உறுதி செய்யும் பரிசோதனைக்குக் காசில்லாதவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறேன், அங்கே இலவசம்.

கேம்ப்புக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம்?

முதல் பதிலிலேயே இருக்கிறது.

200 பேர் வந்தாத்தானே ஊருக்குத் தெரியும்?

200 பேருக்கு யார் போன் செய்வது? நோட்டில் உள்ளவர்களைத் திரும்ப அழைக்க முடியாது என்றால் விரலில் குத்தாதீர்கள்.

கேம்ப்ல சொற்பொழிவு வைக்கலாமா?

10 நிமிடம் போதும், காத்திருக்கும் வரிசையிலேயே. நான் பாதத்தைப் பற்றி மட்டும் பேசுவேன். ஒருவரை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாதத்தில் தொடுவேன். போன முறை ஒரு அம்மா, "எப்போ தொடுவீங்க?" என்று கேட்டார். மூன்று இடத்தில் தொட்டு முடித்திருந்தேன். வரிசையில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள்.