யூஎஸ்பி சாக்கெட்டால் பேட்டரி இறங்கியதா? வாரண்டி யார் பொறுப்பு?

கேள்வி: பைக் ஹேண்டில்பாரில் வாட்டர்ப்ரூஃப் யூஎஸ்பி சாக்கெட் போட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் வண்டி எடுக்கவில்லை. 5 ஆம்பியர்-அவர் பேட்டரி செத்துவிட்டது. வெளியே வயரிங் செய்ததால் வாரண்டி கிடையாது என்று டீலர் சொல்கிறார். இது சரியா?

பதில்: சாக்கெட் இருக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது. பேட்டரி கெட்டதற்கு அதுதான் காரணமா என்பதே கேள்வி. உங்கள் வாரண்டி புத்தகத்தில் 'வெளி மின்சாதனம் பொருத்தினால் மொத்த வாரண்டியும் ரத்து' என்று எழுதியிருக்கிறதா, 'அதனால் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையாக இருந்தால் உங்கள் தரப்பில் வாதாட நிறைய இடம் உண்டு.

ஆனால் முதலில் அளந்து பாருங்கள். அதுவரை வயரிங்கில் கை வைக்காதீர்கள். இப்போது இருக்கும் இணைப்பைப் படமெடுத்து வையுங்கள். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, சாவியை அணைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். அளவு மிகச் சிறியதாகத் தெரிந்தால் மில்லியாம்பியருக்கு மாற்றலாம். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பிறகு சாக்கெட்டின் ஃபியூஸை மட்டும் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு அளவையும் தேதியோடு வீடியோ எடுங்கள்.

ஃபியூஸ் உருவியதும் 25 மில்லியாம்பியர் 1 ஆகக் குறைகிறது என்று வையுங்கள். போன் மாட்டாவிட்டாலும் சாக்கெட்டுக்குள் இருக்கும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றும் நீல விளக்கும் இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. நாளுக்கு 0.6 ஆம்பியர்-அவர் போனால், உங்கள் பேட்டரி சுமார் 8 நாளில் காலி. காலியாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து, திரும்ப சார்ஜ் ஏறாது. அப்படியானால் உங்கள் உரிமை பேட்டரி நிறுவனத்திடம் அல்ல, பேட்டரியில் நேரடியாக இணைத்த மெக்கானிக்கிடம்தான். வேலையில் குறைபாடு என்று பில்லோடு கேளுங்கள். நீங்களே பொருத்தியிருந்தால் கேட்க ஆளில்லை.

ஃபியூஸை உருவிய பிறகும் அளவு அப்படியே அதிகமாக நின்றால், ஒழுக்கு வண்டியில் வேறெங்கோ இருக்கிறது. அந்த வீடியோவை இணைத்து, மறுப்பின் காரணத்தையும் அவர்கள் செய்த சோதனையின் அளவுகளையும் எழுத்தில் தரும்படி டீலருக்குக் கடிதம் கொடுங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள்.

சரிசெய்யும்போது, சாவி போட்டால் மட்டும் இணைப்புத் தரும் ரிலே வழியாகப் போங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனை; 87 சாக்கெட்டுக்கு; 86 சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயருக்கு; 85 எர்த்துக்கு. 86-க்கு வயரை வெட்டிக் கிளை எடுக்காமல், ஃபியூஸ் பெட்டியில் செருகிக் கிளை எடுக்கும் ஃபியூஸ் டேப் போடுங்கள். வெட்டிய வயர் தெரிந்தால் அதையே காரணமாகக் காட்டுவார்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாத அளவு தளர்வு விடுங்கள். மூடி சரியாக மூடியிருந்தால்தான் சாக்கெட் வாட்டர்ப்ரூஃப். திறந்த நிலையில் நனைந்தால் உள்ளே பச்சை பிடிக்கும், அதற்கு வாரண்டி கேட்பது கடினம்.