சாவி கொடுத்த நாள் வரைதான் வாடகை

"அப்பா அம்பத்தூரில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஜூன் 9-ம் தேதி தவறிவிட்டார். வாடகை 14,000, அட்வான்ஸ் 1 லட்சம். ஜூன் வாடகையை 5-ம் தேதியே கொடுத்திருக்கிறார். அக்ரிமென்ட்டில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருக்கிறது, பெயிண்டிங் பற்றி எதுவும் இல்லை. வீட்டுக்காரரோ இரண்டு மாத வாடகையும் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையும் கழிப்பேன், வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்கிறார். அம்மா இல்லை. தம்பி துபாயில், பாட்டி (அப்பாவின் அம்மா) கும்பகோணத்தில். வீட்டுக்காரருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?"
- ஒரு மகள், கோவை

சகோதரி, இதில் பலரும் ஏமாறுவது ஒரு இடத்தில்தான். குடியிருந்தவர் இறந்ததோடு வாடகையும் நின்றுவிடும் என்று நினைத்து, வீட்டைப் பூட்டிவிட்டு காரியத்துக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். ஒப்பந்தம் அப்படித் தானாக முடிவதில்லை. உள்ளே அப்பாவின் கட்டிலும் பீரோவும் இருந்து, சாவியும் உங்கள் கையில் இருக்கிறவரை வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் கடிதத்தை நாள் கடத்தாமல் எழுதுங்கள். ஜூன் 20 தேதியிட்டுக் கொடுத்தால், ஒரு மாதக் கணக்கு ஜூலை 20-ல் முடிகிறது. இரண்டு மாதம் கேட்க அவருக்கு இடமில்லை.

வாரிசுச் சான்றிதழ் கேட்பதில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. இன்று உங்களிடம் கொடுத்துவிட்டு, நாளை உங்கள் தம்பி வந்து நின்றால் என்ன செய்வார்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவரின் பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. ஆக அந்தப் பணத்துக்கு உரியவர்கள் மூன்று பேர். பாட்டியை விட்டுவிட்டு எழுதும் கடிதம்தான் பின்னால் சிக்கலாகும். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், தாசில்தார் கொடுப்பார். வங்கிக் கணக்குக்கும் அது தேவைப்படும். அது வரும்வரை வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. காலி செய்வது வேறு, பணம் வாங்குவது வேறு. பங்கில் தகராறு இல்லாதவரை கோர்ட்டில் வாங்கும் வாரிசுரிமைச் சான்று வரை போக வேண்டியதில்லை. பணத்துக்காகவே வழக்குப் போட நேர்ந்தால் அது தேவைப்படலாம்.

கடிதம் ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் வீட்டில் குடியிருந்த எங்கள் தந்தை ஜூன் 9 அன்று காலமானார். இறப்புச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளோம். அவருடைய வாரிசுகளான நாங்கள் மூவரும் ஒப்பந்தப்படி ஒரு மாத அவகாசம் கொடுத்து, ஜூலை 20 அன்று வீட்டைக் காலி செய்து சாவிகளை ஒப்படைக்கிறோம். அன்று வரையுள்ள வாடகையையும் மின் கட்டணத்தையும் முன்பணத்தில் கழித்துக்கொண்டு, மீதியை எங்கள் அனைவரின் சம்மதத்துடன் மகளின் வங்கிக் கணக்கில் செலுத்தவும். வாரிசுச் சான்றிதழ் கிடைத்ததும் நகல் தருகிறோம்."

மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். தம்பி தனித் தாளில் சம்மதம் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பட்டும். பாட்டிக்குக் கையெழுத்து வராவிட்டால் இரண்டு சாட்சிகளோடு கைரேகை. ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு. ஜூன் வாடகை தீர்ந்துவிட்டது. ஜூலையில் 20 நாளுக்கு, 14,000-ஐ 31-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 9,032 ரூபாய். மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார்கள், பில் வந்திருக்காது. அன்றைக்கு மீட்டரைப் படம் எடுத்து, ஓடிய யூனிட்டுக்குப் பணம் கணக்கிடுங்கள். 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கைக்கு வர வேண்டியது 90,328. அவர் கணக்குப்படி 42,000 கழிந்து 58,000-தான் வரும்.

பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பது சென்னையில் வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. உங்கள் அக்ரிமென்ட்டில் அந்த வரி இல்லை. சுவரில் ஓட்டை, உடைந்த கதவு, வாஷ்பேசின் என்றால் அது வேறு, அதைக் கழிக்கலாம். அதனால் காலி செய்யும்போது ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள்.

சாவி கொடுக்கும்போது, எத்தனை சாவி, மீட்டர் ரீடிங் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பணம் வந்ததும் நீங்கள் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது கொடுக்க வேண்டும். அவரைச் சமாதானப்படுத்துவதே அந்த ரசீதுதான், கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலி செய்து ஒரு மாதத்துக்குள், அதாவது ஆகஸ்ட் 20-க்குள், முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். அதற்குள் வராவிட்டால் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.