உறுப்பினர் 20 சதவீதம் கூடினால் லாபம் ஆறு மடங்காகுமா?

கேள்வி: ஓர் உடற்பயிற்சிக் கூடம் விலைக்கு வருகிறது. ஓராண்டில் உறுப்பினர்கள் 250-லிருந்து 300 ஆனதில், மாத லாபம் 13,500 ரூபாயிலிருந்து 81,000 ஆகிவிட்டதாம். அந்த 81,000-ஐ வைத்தே விலை சொல்கிறார்கள். கணக்கில் ஏதும் பொய் இருக்குமா?

பதில்: நீங்கள் அனுப்பிய தாளில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. மாதக் கட்டணம் 1,500 ரூபாய். ஓர் உறுப்பினர் கூடுவதால் குடிநீர், துண்டு, பயிற்சியாளர் ஊக்கத்தொகை என்று கூடும் செலவு 150 ரூபாய்தான். மீதி 1,350 ரூபாய், வாடகை, சம்பளம், கருவிகளின் தவணை ஆகிய 3,24,000 ரூபாய் நிலையான செலவை அடைக்கப் போகிறது. 240 பேர் சேர்ந்தால் அந்தச் செலவு சரியாக அடைபடும். அதற்குமேல் வரும் ஒவ்வொருவரின் 1,350 ரூபாயும் முழுமையாக லாபம். ஆகவே 250 பேர் இருந்தபோது பத்துப் பேர் மட்டுமே லாபம் தந்தார்கள். இப்போது அறுபது பேர் தருகிறார்கள். ஆறு மடங்கு வந்தது இப்படித்தான். இதையே ஆப்பரேட்டிங் லெவரேஜ் என்கிறார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது இதன் மறுபக்கத்தைப் பற்றி. இன்றைய நிலையில் முப்பது பேர், அதாவது பத்து சதவீதம் பேர், விலகினால் லாபம் 40,500 ஆகப் பாதியாகிவிடும். அருகில் புதிய கூடம் ஒன்று திறந்து, நீங்களும் கட்டணத்தை 1,350 ஆகக் குறைக்க நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒருவர்கூட விலகாவிட்டாலும் லாபம் 36,000-க்கு இறங்கிவிடும், ஏனென்றால் கட்டணம் குறையும்போது செலவில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. இத்தகைய தொழிலில் தள்ளுபடி கொடுப்பது ஆட்களை இழப்பதைவிடக் கடுமையாக அடிக்கும் என்பதைப் பலர் வாங்கிய பிறகே உணர்கிறார்கள்.

எனவே உரிமையாளரிடம் லாபக் கணக்கோடு நிற்காமல், மூன்று ஆண்டுகளுக்கு மாதவாரி உறுப்பினர் பதிவேட்டையும் கேளுங்கள். ஜனவரியில் ஆண்டுச் சந்தாவாக மொத்தமாக வந்த பணத்தை அந்த மாத வருமானமாக எழுதியிருந்தால், அந்தச் சந்தா கட்டியவர்களுக்கு மீதி மாதங்கள் சேவை செய்யும் கடமை உங்கள் தலையில் விழும். பணமோ அவரிடம் போயிருக்கும். வாடகை ஒப்பந்தத்தையும் படியுங்கள். வாடகை மாதம் 15,000 ரூபாய் உயர்ந்தாலே லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகப் போய்விடும்.

நிலையான செலவும் என்றென்றும் நிலையாக நிற்பதில்லை. மாலை நேரத்தில் கருவிக்கு வரிசை நிற்கும் அளவுக்குக் கூட்டம் வந்துவிட்டால், புதிய கருவிகளும் இன்னொரு பயிற்சியாளரும் தேவைப்படுவார்கள். அப்போது 240 என்ற எல்லையே மேலே ஏறிவிடும். ஆகவே 350 பேர் வந்தால் இவ்வளவு லாபம் என்று உரிமையாளர் காட்டும் கணக்கை, மாலை ஆறு மணிக்கு நேரில் போய்ப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, நானாக இருந்தால் 270 பேர் இருக்கும்போது கிடைக்கும் 40,500 ரூபாயை வைத்தே பேரம் பேசுவேன். கடன் வாங்கித்தான் வாங்குகிறீர்கள் என்றால், அதன் தவணையையும் 3,24,000-உடன் கூட்டி, எத்தனை உறுப்பினர்கள் இருந்தால் கைக்காசு போடாமல் சமாளிக்கலாம் என்று முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். மாதத் தவணை 27,000 ரூபாய் என்றால் அந்த எண் 260 ஆகும்.