மென்டரிங் திட்டம்: முதல் நாளிலேயே கடைசி நாளைக் குறித்துவிடுங்கள்

கேள்வி: "எங்கள் நிறுவனத்தில் சீனியர்களையும் ஜூனியர்களையும் இணைக்கும் மென்டரிங் திட்டம் ஒன்றைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு யார் என்று எப்படி முடிவு செய்வது? மனக்கசப்பு இல்லாமல் எப்படி முடிப்பது?"

இரண்டு முறை நடத்தியிருக்கிறேன். முதல் முறை 12 ஜோடிகள். அதே துறை, பத்து வருட அனுபவ வித்தியாசம் என்று பார்த்துச் சேர்த்தேன். முடிவுத் தேதி எதுவும் வைக்கவில்லை. ஐந்தாவது மாதம் விசாரித்தால், ஏழு ஜோடிகள் சந்தித்தே ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

அதில் ஒரு ஜூனியர் என்னிடம் வந்து, "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? சார் இப்ப மெசேஜே போடறதில்ல" என்று கேட்டார். அவருடைய மென்டரைக் கேட்டேன். "அவங்களுக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுதே, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் ஒதுங்கினார். இந்தப் பெண்ணோ இரண்டு மாதமாகத் தன் மேல் என்ன தவறு என்று தேடிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபோது எனக்கு மனசே சரியில்லை, ஏனென்றால் தேதி வைக்காமல் விட்டது நான்.

அதனால் இரண்டாம் முறை முடிவிலிருந்து தொடங்கினேன். மொத்தம் ஒன்பது மாதம். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு, அப்புறம் மாதம் ஒன்று. ஆக 12 சந்திப்புகள். பன்னிரண்டாவதின் தேதியை முதல் சந்திப்பிலேயே இருவரும் காலண்டரில் போட்டுக்கொள்ள வேண்டும். மென்டர் உறவை ஆராய்ந்த கேத்தி கிராம் 1983-இல் அதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, பிரிவுக்குப் பின் புது வடிவம். தானாக உருவாகும் உறவில் இவை நிகழப் பல வருடம் ஆகும். நாம் ஏற்படுத்தும் திட்டத்தில் அந்த அவகாசம் கிடையாது. அதனால் பிரிவை நாமே குறித்துக் கொடுத்தாக வேண்டும்.

சரி, யாரோடு யாரைச் சேர்ப்பது? திறமைகளை டிக் செய்யச் சொல்லும் படிவத்தை விட்டுவிட்டேன். ஜூனியரிடம் ஒரே கேள்விதான்: "கடந்த ஆறு மாதத்தில் கேட்க நினைத்து, யாரிடமும் கேட்காமல் விட்டது எது?" சீனியரிடம்: "வேலையில் நீங்கள் வெகுநாள் திணறிய விஷயம் எது?" ஒரு ஜூனியர், "பதில் தெரிந்தாலும், மீட்டிங்கில் மேனேஜர் பேசும்வரை காத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். பழைய முறைப்படி அவருடைய துறையின் பெரிய நிபுணரோடு சேர்த்திருப்பேன். இந்த முறை கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர். கூட்டத்தில் வாய் திறக்கவே மூன்று வருடம் ஆனது என்று அவர் எழுதியிருந்தார். சீனியர்கள் எழுதியதில் மூன்று குறிப்புகளைப் பெயர் இல்லாமல் அந்த ஜூனியரிடம் காட்டினோம். அவர் இந்தக் கணக்குப் பிரிவுக்காரருடையதைத் தேர்ந்தெடுத்தார்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. ஜூனியரின் மேனேஜரோ, அந்த மேனேஜரின் மேனேஜரோ, அப்ரைசலில் கையெழுத்துப் போடும் எவருமோ மென்டராக வரக்கூடாது. வந்தால் ஜூனியர் தன் பலவீனத்தைச் சொல்லவே மாட்டார். அதேபோல் ஒரு சீனியருக்கு இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது சந்திப்பு முடிந்ததும் இருவரையும் தனித்தனியாக, "தொடரலாமா, மாற்றலாமா?" என்று கேட்பேன். காரணம் கேட்க மாட்டேன். "பரவாயில்லை" என்று இழுத்தால், "மாற்றிப் பார்க்கலாமே" என்று நானே சொல்லிவிடுவேன். அப்படி இரண்டு ஜோடிகள் மாறின, யாருக்கும் வருத்தமில்லை.

பத்தாவது சந்திப்பில், மீதி இரண்டில் எதைப் பேசுவது என்பதை மட்டும் முடிவு செய்வார்கள். கடைசிச் சந்திப்பில் ஜூனியர் முதலில் எழுதிய அந்த வரியை எடுத்துப் படிக்க வேண்டும். மென்டர், தான் கண்ட ஒரு மாற்றத்தையாவது நடந்த சம்பவத்தோடு சொல்ல வேண்டும். "நல்லா முன்னேறிட்டீங்க" என்பது போதாது. அப்புறம், இனி எப்படி என்பதைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை. எதற்குக் கூப்பிடலாம் என்று தெரியாதே.

நடுவில் ஒருவர் வேறு இடம் மாறினாலோ வேலையை விட்டாலோ, இரண்டு வாரத்துக்குள் இதே மாதிரி ஒரு கடைசிச் சந்திப்பு வைத்துவிடுங்கள்.

அந்தக் கணக்குப் பிரிவு மென்டர் கடைசி நாளில் சொன்னது இது: "போன மாசம் அந்த டெலிவரி தேதியை மாத்தணும்னு மேனேஜருக்கு முன்னாடியே நீங்க சொன்னீங்க. இனி மாசா மாசம் நாம உட்கார வேண்டாம். வேற வேலைக்குப் போறதா யோசிச்சா மட்டும் முடிவெடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க." எட்டு மாதம் கழித்து அந்த போன் வந்தது.