எக்ஸ்ட்ரா பில்லில் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கேள்வி: சதுர அடி கணக்கில், மெட்டீரியலோடு சேர்த்து வீடு கட்டக் கொடுத்தோம். முடியும் நேரத்தில் கான்ட்ராக்டர் ரூ.2,10,000 எக்ஸ்ட்ரா கேட்கிறார். டைல்ஸ் மாற்றியதற்கு 72,000, அஸ்திவாரக் குழி 5 அடிக்குப் பதில் 7 அடி போனதற்கு 58,000, கம்பி விலை ஏறியதற்கு 80,000. எதுவும் எழுதி வாங்கவில்லை. கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: டைல்ஸிலிருந்து தொடங்குவோம். அக்ரிமெண்டில் டைல்ஸ் சதுர அடிக்கு ரூ.50 வரை என்று இருந்து, நீங்கள் 80 ரூபாய் டைல்ஸ் எடுத்திருந்தால், தர வேண்டியது வித்தியாசமான 30 ரூபாய்தான். டைல்ஸ் போட்ட பரப்பு 900 சதுர அடி என்றால், அது ரூ.27,000. அப்படியானால் அவருடைய 72,000 என்பது 900-ஐ 80-ஆல் பெருக்கிய தொகை. அதாவது, ஏற்கெனவே சதுர அடி ரேட்டில் நீங்கள் கொடுத்துவிட்ட 50 ரூபாயைக் கழிக்கவே இல்லை. எக்ஸ்ட்ரா பில்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். வேண்டுமென்றே செய்தாரா என்ற ஆராய்ச்சி வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். டைல்ஸ் ஒட்டும் கூலியும் இரண்டாவது முறை வராது.

குழி விஷயத்தில் அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். மண் இளக்கமாக இருந்து எஞ்சினியர் ஆழப்படுத்தச் சொல்லியிருந்தால், அந்த வேலையின் பலன் உங்கள் வீட்டுக்குத்தான். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்து கொடுத்த வேலையின் பலனை அனுபவிப்பவர் ஈடு தர வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு. எழுதி வாங்கவில்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஆனால் ஆழத்துக்கும் சேர்த்துத்தான் ரேட் என்று அக்ரிமெண்டில் இருந்தால் அவர் கேட்க முடியாது.

அளவைப் பாருங்கள். 5-க்கு 5 அடியில் 12 குழிகள், கூடுதல் ஆழம் 2 அடி என்றால், கூடுதலாகத் தோண்டிய மண் 600 கன அடி. அடியில் போடும் மேட் கம்பியும் கான்கிரீட்டும் மாறாது. தூண் மட்டும்தான் நீளும். 9-க்கு 12 அங்குலத் தூண், 12 எம்எம் கம்பி ஆறு என்றால், 12 தூணுக்கும் சேர்த்து 18 கன அடி கான்கிரீட், ரிங்கோடு 60 கிலோவுக்குள் கம்பி. தோண்டுவது, திரும்ப மண் நிரப்புவது, இந்தக் கான்கிரீட், கம்பி எல்லாவற்றையும் உங்கள் ஊர் ரேட்டில் பெருக்கிப் பாருங்கள். 58,000 வருமா என்று எனக்குச் சந்தேகம்தான். குழி மூடிவிட்டதால் அப்போது எடுத்த போட்டோக்களையும் எஞ்சினியர் சொன்ன அளவையும் கேளுங்கள்.

கம்பி விலைக்கு 80,000? விலை ஏறினால் ரேட் மாறும் என்று அக்ரிமெண்டில் வரி இல்லையென்றால் அது அவருடைய ரிஸ்க். விலை இறங்கியிருந்தால் திருப்பித் தந்திருப்பாரா என்ன? வேலை உங்களால் மாதக்கணக்கில் நின்றிருந்தால் மட்டும் இதைப் பேசித் தீர்ப்பது நல்லது.

டைல்ஸ் வித்தியாசத்தை இப்போதே வங்கி மூலம் அனுப்பி, எதற்கு என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். குழிக்கு அளவோடு பில் கேளுங்கள். ஒத்துவராமல் வேலையைப் பாதியில் நிறுத்தினால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.