1 லட்சம் கையில் வர 1,87,796 ரூபாய் போட வேண்டும்

கேள்வி: ஓசூரிலிருந்து கஞ்சிக்கோட்டில் புது வேலைக்குச் சேர்கிறேன். பாலக்காட்டில் குடியேற, வரி போக 1 லட்சம் தருவதாக ஆஃபர் லெட்டரில் இருக்கிறது. 15.6 சதவீதம் வரி சேர்த்து 1,15,600 போடுவதாக எச்.ஆர். சொல்கிறார். பழைய கம்பெனியையும் சேர்த்து இந்த வருஷச் சம்பளம் 12.5 லட்சம், புதிய வரிமுறை. முழுசாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கையில் சுமார் 39,066 ரூபாய்தான் நிற்கும்.

2025-26 ஸ்லாப்படி, உங்கள் சம்பளத்தில் நிலைக் கழிவு 75,000 போனால் 11.75 லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் இப்போது வரியே இல்லை. இந்தப் பணம் வந்ததும் 12 லட்சத்தைத் தாண்டுகிறீர்கள், தள்ளுபடி மொத்தமும் போய்விடுகிறது. அதுவரை மறைந்திருந்த 60,000 வரி, 12 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு 15 சதவீதம், எல்லாவற்றின் மேலும் 4 சதவீத செஸ் என்று மொத்தமாக வந்து விழும். கம்பெனி கட்டித் தரும் வரியும் உங்கள் சம்பளமாகவே கணக்காகி, அதற்கும் வரி உண்டு. எனவே 1,87,796 போட்டால்தான், 87,796 வரி போக, சரியாக 1 லட்சம் நிற்கும். பழைய கம்பெனிச் சம்பள விவரத்தைப் புது கம்பெனியில் முதல் மாதமே எழுதிக் கொடுங்கள். அது தெரியாமல் யாராலும் இதைச் சரியாகப் போட முடியாது.

'லாரி பில் கொடுத்தால் வரியே இல்லை' என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அது ஒரே கம்பெனிக்குள் இடமாற்றம் ஆனவருக்கு மட்டும். அவருக்கும் பேக்கிங், லாரி, குடும்பத்தின் டிக்கெட் என்று உண்மையில் செலவழித்த அளவுக்குத்தான் விலக்கு, மிச்சத்துக்கு வரி. வீட்டு அட்வான்ஸ் அதில் சேராது. புதிதாகச் சேருபவருக்கு இந்த விலக்கு பொருந்தாது. அதே லாரி, அதே வாளையார் செக்போஸ்ட், அதே வாடகை. ஒருவருக்கு விலக்கு, இன்னொருவருக்கு வரி. இந்த அநியாயத்தை இத்தனை திருத்தத்திலும் யாரும் சரிசெய்யவில்லை. அந்த இடைவெளியில்தான், 'ஜிஎஸ்டி நம்பரோடு பில் தயார் செய்து தருகிறேன்' என்று கமிஷன் கேட்கும் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். பொய் பில் பிடிபட்டால் வரி, வட்டி, அபராதம் மூன்றும் உங்கள் தலையில். ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார்.

ஆஃபர் லெட்டரில் 'வரி போக' என்ற சொல் போதாது. 'வரி, செஸ் எல்லாம் பிடித்த பின் ரூ.1,00,000 நிகரமாக, வருஷக் கடைசியில் கணக்கு மாறினால் வித்தியாசம் கம்பெனியுடையது' என்று எழுதி வாங்குங்கள். வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஷரத்து இருந்தால், திருப்ப வேண்டியது 1 லட்சமா, 1,87,796-ஆ என்பதையும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். பெரும்பாலான லெட்டர்களில் அது தெளிவாக இருக்காது.