தண்ணீர் கேன் விலையை இறக்கலாமா?

கேள்வி: சத்துவாச்சாரியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிறேன். பக்கத்துத் தெருவில் இன்னொருவரும் போடுகிறார். இருவருக்கும் கேன் 40 ரூபாய், அடக்கம் 20 ரூபாய், நாளுக்கு 100 கேன். ஒருவர் மட்டும் 35 ஆக்கினால், மற்றவரிடமிருந்து 50 கேன் அவரிடம் போய்விடும். பொருளியல் படிக்கும் என் மகள் கட்டம் போட்டுப் பார்த்து, இருவரும் 35-இல்தான் வந்து நிற்போம் என்கிறாள். லாபம் குறைகிற இடத்தில் எதற்காக நிற்க வேண்டும்?
— வாசகர், வேலூர்

பதில்: உங்கள் மகள் போட்ட கணக்கு சரி, ஐயா. அவர் வரைந்த கட்டம் இப்படித்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு அறையிலும் முதலில் உங்கள் நாள் லாபம், அடுத்து பக்கத்துத் தெருக்காரருடையது; கட்டத்தில் ‘அவர்’ என்பதும் அவர்தான்.

| | அவர் 40 | அவர் 35 |
|---|---|---|
| நீங்கள் 40 | 2000, 2000 | 1000, 2250 |
| நீங்கள் 35 | 2250, 1000 | 1500, 1500 |

நீங்கள் 2000-ஐயும் 1500-ஐயும் குறுக்காக ஒப்பிடுகிறீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அவருடைய விலை உங்கள் கையில் இல்லை. ஆகவே அவர் விலையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் பத்தியில் மட்டும் மேலும் கீழும் பாருங்கள். அவர் 40-இல் இருந்தால் உங்களுக்கு 35-இல் 2250, 40-இல் 2000. அவர் 35-க்கு இறங்கிவிட்டால் 35-இல் 1500, 40-இல் 1000. அவர் எதைச் செய்தாலும் உங்களுக்கு 35-தான் மேல். இதைத்தான் மேலோங்கு உத்தி என்கிறார்கள். அவருக்கும் இதே கணக்கு. இருவரும் 35-இல் நின்றபின் தனியாக 40-க்கு ஏறுபவர் 500 ரூபாய் இழப்பார். அதனால் யாரும் நகரமாட்டார்கள். அதுவே சமநிலை. சமநிலை என்றால் இருவருக்கும் நல்ல இடம் என்று பொருளில்லை.

ஆனால் நான் உங்கள் மகளிடம் கேட்க விரும்புவது அந்த 50 கேனைப் பற்றி. முடிவு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 30 கேன் மட்டும் மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் 40-இல் இருக்கும்போது நீங்கள் இறக்கினால் 130 கேனுக்கு 1950 ரூபாய். இறக்காமலே 2000 கிடைக்கிறது. அவர் முந்திக்கொண்டு இறக்கினாலோ, 40-இல் நிற்கும் உங்களுக்கு 70 கேனில் 1400-தான்; நீங்களும் இறக்கினால் 1500. இப்போது மேலோங்கு உத்தியே கிடையாது. இருவரும் 40, இருவரும் 35 என்று இரண்டு சமநிலைகள் வந்துவிடுகின்றன. மாறுவது 25 கேனுக்கும் குறைவென்றால் 40-தான் மேலோங்கு உத்தி. 34-ஐ எட்டினால் 35.

இந்தக் கட்டம் ஒரே ஒரு முறை விலை வைப்பதற்கானது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் தினமும் விற்கிறீர்கள். இன்று நீங்கள் இறக்கினால் நாளை அவரும் இறக்குவார். அந்த 2250 ஓரிரு நாள் பணம்தான். அதற்காக அவரோடு உட்கார்ந்து பேசி 40 என்று முடிவு செய்துவிடாதீர்கள். போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது.

அவரிடம் காலி கேனுக்கு முன்பணம் கட்டியிருக்கும் வீடுகள் ஐந்து ரூபாய்க்காகச் சட்டென்று மாறமாட்டா. அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு மகளையே மறுபடி கட்டம் போடச் சொல்லுங்கள்.